கோவை ஆபீஸில் திறக்கும் மெயில், கொழிஞ்சாம்பாறை வீட்டில் ஏன் மறுக்கப்படுகிறது?

வேலந்தாவளம் தாண்டி தினமும் கோவைக்குப் போய்வருகிற பலருக்கும் இந்தச் சிக்கல் பழக்கம்தான். சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் வைஃபையில் அவுட்லுக் மெயில் தடையில்லாமல் திறக்கும். கொழிஞ்சாம்பாறைக்கு வந்து அதே லேப்டாப்பைத் திறந்தால் மைக்ரோசாஃப்ட் பக்கம் தடுத்துவிடும். கேரளா சிம் என்பதால்தான் என்று நினைத்து, தமிழ்நாடு சிம் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பார்ப்பார்கள். அதிலும் வராது.

காரணம் மாநில எல்லை இல்லை. யார், எங்கிருந்து, எந்தச் சாதனத்தில் நுழையலாம் என்று நிர்வாகி வைக்கும் கண்டிஷனல் ஆக்சஸ் விதியில் இடம் என்பதை நாடாகவோ, குறிப்பிட்ட ஐபி முகவரிகளாகவோதான் குறிப்பார்கள். வாளையாறு தாண்டினால் அதற்குத் தெரியாது. நடப்பது வேறு: ஆபீஸின் பொது ஐபி நம்பகமான இடமாகப் பதிவாகி, விதியிலிருந்து விலக்கு பெற்றிருக்கும். அந்த ஐபிக்கு வெளியே வந்ததும் “நிறுவனம் நிர்வகிக்கும் சாதனமாக இருக்க வேண்டும்” என்ற நிபந்தனை உயிர்பெறும். அதனால் வீட்டு பிராட்பேண்ட் ஆனாலும் எந்த ஊர் சிம் ஆனாலும் பதில் ஒன்றுதான். சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் மெயில் ஓடும். ஆபீஸில் வாங்கிய அனுமதி டோக்கன் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் செல்லும் என்பதே அதற்குக் காரணம். புதிய ஆப்கள் சிலவற்றில் ஐபி மாறியதுமே நின்றுவிடும்.

பிழைப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது எண். `53000` என்றால் சாதனம் தேவையான நிலையில் இல்லை என்று பொருள். `53003` என்றால் விதி ஏதோ ஒன்று அனுமதி தரவில்லை என்பது மட்டும்தான். இடமாக இருக்கலாம், ஆப்பாக இருக்கலாம், எது என்று அந்த எண் சொல்லாது. அதோடு வரும் “Your sign-in was successful but does not meet the criteria” என்ற வரியை நிதானமாகப் படியுங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்த பிறகுதான் இந்த விதிகள் சோதிக்கப்படும். ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவது வீண் வேலை.

அடுத்து “More details” அழுத்தினால் `Device state` என்ற வரி இருக்கும். அங்கே `Unregistered` என்று வந்தால், இது யாருடைய லேப்டாப் என்றே நிறுவனத்துக்குத் தெரியவில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டிலும் சரிபார்க்கலாம்:

```
dsregcmd /status
```

`AzureAdJoined`, `WorkplaceJoined` இரண்டும் `NO` என்றால் பதிவே இல்லை. `WorkplaceJoined : YES` என்றால் பதிவு இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கணக்கைச் சேர்ப்பது பதிவு. அதன் பிறகு, சாதனங்களை நிறுவனம் நிர்வகிக்கும் இன்டியூன் சேவையில் சேர்ந்து, டிஸ்க் என்கிரிப்ஷன், விண்டோஸ் பதிப்பு என நிறுவனம் கேட்பதையெல்லாம் நிறைவேற்றினால்தான் `53000` போகும். நிறுவன லேப்டாப்பிலேயே இந்தப் பிழை வந்தால், குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் சாதன அடையாளம் போய்ச் சேராது.

சொந்த லேப்டாப்பை இன்டியூனில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் படங்களையும் பிரௌசிங் வரலாற்றையும் அவர்கள் பார்க்க முடியாது, உண்மைதான். ஆனால் விண்டோஸ் கணினியை முழுவதுமாக அழிக்கும் கட்டளையை நிர்வாகியால் அனுப்ப முடியும். வீட்டில் பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினிக்கு அது அதிக விலை.

நீண்ட நாள் ஓட்டத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கைகொடுத்தது போன்தான். நிறுவனம் ஆப் பாதுகாப்பு விதியை அனுமதித்திருந்தால், போனை நிறுவனத்தின் நிர்வாகத்தில் ஒப்படைக்காமலே அவுட்லுக் ஆப்பில் மெயில் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் கம்பெனி போர்ட்டல் ஆப் நிறுவப்பட்டிருக்க வேண்டும், அதில் உள்நுழையத் தேவையில்லை. ஐபோனில் அந்த இடத்தில் ஆதென்டிகேட்டர். அவுட்லுக் தனி பின் எண் கேட்கும். மெயிலிலிருந்து வாட்ஸ்அப்புக்கு காப்பி-பேஸ்ட் பெரும்பாலும் நடக்காது. வேலையை விட்டால் ஆபீஸ் மெயிலை மட்டும் அழிப்பார்கள், போன் அப்படியே இருக்கும்.

லேப்டாப்பிலேயே வேண்டும் என்றால் ஐடி டீமிடம் “நிர்வகிக்கப்படாத சாதனத்துக்கு பிரௌசரில் படிக்க மட்டும்” என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அது உண்டு: மெயில் படிக்கலாம், பதில் எழுதலாம், இணைப்புக் கோப்பைப் பிரௌசரிலேயே பார்க்கலாம், டவுன்லோடு மட்டும் ஆகாது.

புகார் அனுப்பும்போது பிழைப் பக்கத்தின் `Correlation Id`, `Timestamp` இரண்டையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். நேரம் யுடிசியில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். உள்நுழைவுப் பதிவுகள் பொதுவாக 30 நாள்தான் இருக்கும், அதற்குள் அனுப்பினால் எந்த விதி தடுத்தது என்று அவர்கள் பெயரோடு சொல்லிவிடுவார்கள்.