இடமாற்றச் செலவு: மொத்தத் தொகையா, பில்லுக்குப் பணமா?

வேறு ஊரில் வேலை உறுதியானதும் நிறுவனம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தரும்: கையில் ஒரு மொத்தத் தொகை, அல்லது பில் காட்டினால் திரும்பக் கிடைக்கும் பணம்.

மொத்தத் தொகையை எதற்கும் செலவழிக்கலாம். புது வீட்டு முன்பணம், இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதத்தில் கட்டும் வாடகை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பல இடங்களில் அது சம்பளமாகவே கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும். 30 சதவீத வரி என்றால் 1,00,000-இல் கைக்கு வருவது 70,000 தான். உண்மைச் செலவே 1,00,000 என்றால் 1,30,000 கேட்பது போதாது. 1,00,000-ஐ 0.7-ஆல் வகுத்து, சுமார் 1,43,000 கேட்க வேண்டும்.

பில் முறையில் லாரி, பேக்கிங், பயணச்சீட்டு ஆகியவற்றுக்குப் பணம் வரும். முன்பணமும் இரட்டை வாடகையும் பெரும்பாலும் வராது. அதைவிடச் சிரமம், முதலில் உங்கள் பணம் போகும், திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும். லாரிக்காரருக்கு நிறுவனமே நேரடியாகக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். இதற்குப் பல நிறுவனங்கள் இணங்கும்.

வீடு நிறையப் பொருள் இருந்தால் நேரடிக் கட்டணமே நல்லது. எடை கூடினாலும் சுமை உங்கள் மேல் விழாது, உச்சவரம்பு மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு பெட்டியோடு போகிறவருக்கு மொத்தத் தொகை.

எதை எடுத்தாலும், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தரும் நிபந்தனையைப் படியுங்கள். மாதக் கணக்கில் குறையும்படி எழுதி வாங்கினால், 9 மாதம் முடித்து விலகுகிறவர் கால்பங்கு தந்தால் போதும்.