எடையை எங்கே முழுமையாக்குவது: பொருளுக்கா, கூடைக்கா?

ஆன்லைன் கடையின் செக்அவுட்டில் 500 கிராம் படிகளாக டெலிவரி கட்டணம் கணக்கிடும்போது, ஒவ்வொரு பொருளின் எடையையும் தனித்தனியே அடுத்த படிக்கு உயர்த்தலாம். அல்லது கூடையின் மொத்த எடையைக் கூட்டி ஒரே முறை உயர்த்தலாம்.

தலா 300 கிராமில் மூன்று பொருள்கள், டெலிவரி போகும் மண்டலத்தில் படிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் மூன்று படி, 120. இரண்டாவதில் 900 கிராம், இரண்டே படி, 80. எல்லாம் ஒரே பெட்டியில் போனால் இரண்டாவதே நியாயம். தனித்தனிப் பார்சல் என்றால் முதலாவதுதான் சரி.

ஆனால் பெட்டியின் 150 கிராமைச் சேர்க்க மறந்தால், கூரியர் 1,050 கிராமுக்கு மூன்று படி பில் போடும். அந்த 40 விற்பவர் கையைக் கடிக்கும்.

இலவச டெலிவரி வரம்பை எந்த முறையிலும் கூப்பன் கழித்த தொகையில் சோதிப்பதே நல்லது. வரம்பு 1,000 ரூபாய் என்றால், 1,050 ரூபாய் கூடையில் 100 கழிந்ததும் கட்டணம் திரும்ப வர வேண்டும்.