நிலாவெளியில் டீசல் ஜெனரேட்டரும் ஹைபிரிட் சோலரும்: இரண்டு மாரிகள் கடந்தபின்

நிலாவெளிக் கடற்கரையை அண்டி ஆறு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதியொன்றை நடத்தி வருகிறேன். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலேயே டீசல் ஜெனரேட்டர் என்னிடம் இருந்தது. ஆனால் அதற்கு ஊற்ற டீசல் கிடைக்கவில்லை. அதனால் அடுத்த ஆண்டு 5 கிலோவாற் ஹைபிரிட் இன்வேட்டரும், 51.2 வோல்ற் 200 அம்பியர் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பற்றரியும், கூரையில் பனல்களும் பூட்டினேன். கச்சான் வீசும் மாதங்களில் ஜெனரேட்டரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வாடைக்காற்றோடு மழை பிடித்து, நாலைந்து நாள் தொடர்ந்து வானம் மூடிக்கிடக்கும் மார்கழியில்தான் அதன் துணை தேவைப்படுகிறது. ஆகவே இந்தப் பகிர்வு இன்வேட்டரைப் பற்றியதோ ஜெனரேட்டரைப் பற்றியதோ அன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிய இடத்தில் எனக்கு நேர்ந்தவற்றைப் பற்றியது.

முதலில் வேலை செய்தவர் ஜெனரேட்டரை ஒரு கை மாற்றுச் சுவிச்சின் வழியாக இன்வேட்டரின் GRID முனையிலேயே கொடுத்திருந்தார். மின்சார சபையின் லைன் இல்லாதபோது சுவிச்சைத் திருப்பினால் அதே வயரில் ஜெனரேட்டர் வரும்; பார்வைக்குச் சுலபமான ஏற்பாடு. இரவில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஒரு நாள் முற்பகலில், மழை விட்டுத் திடீரென வெயில் எறித்த நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சத்தம் பாரம் இறங்கியதுபோல் மெலிந்து, அதன்பின் வேகம் கூடி, மின்குமிழ்கள் வழமையைவிடப் பளிச்சிட்டன. மீற்றரில் 258 வோல்ற் காட்டியது. இன்வேட்டர் உடனே துண்டித்துக்கொண்டது. ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இணைந்தது. மீண்டும் அதே கதை.

காரணம் பின்னர் விளங்கியது. லைனுக்கு மேலதிக மின்சாரத்தை அனுப்பும்படி இன்வேட்டர் அமைக்கப்பட்டிருந்தது. அதற்கோ GRID முனையில் இருப்பது ஜெனரேட்டர் என்பது தெரியாது. மின்சார சபையின் வலையமைப்பு எவ்வளவு அனுப்பினாலும் விழுங்கிவிடும். ஜெனரேட்டரால் அது இயலாது. வெளியிலிருந்து மின்சாரம் உள்ளே தள்ளப்பட்டால் அது மோட்டாராக மாறி எஞ்சினைச் சுழற்றத் தொடங்கும். எஞ்சினின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர் டீசலை முற்றாகக் குறைத்தும் வேகம் இறங்காது, வேகத்தோடு ஹேர்ட்ஸும் வோல்ற்றும் ஏறும். என் அதிர்ஷ்டம், இரண்டு குமிழ்களோடு போயிற்று. வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ஏ.வி.ஆர். பலகை எரிந்திருந்தால் செலவு வேறாக இருந்திருக்கும்.

இப்போது ஜெனரேட்டர் GEN முனையில் இருக்கிறது. இந்த முனை வேறு வேலைகளுக்கும் பயன்படக்கூடியது என்பதால், திரையில் அதனை `Generator Input` என்று தெரிவு செய்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் இன்வேட்டர் ஜெனரேட்டரிடமிருந்து எடுக்குமே தவிர அதற்குள் எதையும் தள்ளாது. வெயில் வந்தால் பனலின் மின்சாரம் பற்றரிக்குப் போகும். தனியான GEN முனை இல்லாத இன்வேட்டர் வைத்திருப்பவர்கள், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் வெளியே அனுப்புவதை முற்றாக நிறுத்தும் அமைப்பு தங்களுடையதில் உண்டா என்று உறுதி செய்யாமல் பகலில் இரண்டையும் சேர்த்து ஓட்டக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது சிக்கல் எவ்வளவு பாரம் கொடுப்பது என்பது. எனது ஜெனரேட்டர் 7.5 கே.வி.ஏ.; 0.8 வலுக்காரணியில் 6 கிலோவாற். மாலையில் குளிர்பதனப் பெட்டிகள், விசிறிகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்து 1.8 கிலோவாற் அளவில் எடுக்கும். இதை மட்டும் கொடுத்து ஓட்டினால் எஞ்சின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யாது; குறைந்த பாரத்தில் நீண்டநேரம் ஓடும் டீசல் எஞ்சின் சூடேறாமல், எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் ஒட்டி, கறுப்பாக ஒழுகத் தொடங்கும். பற்றரியை ஏற்றும் பாரம்தான் இந்தக் குறையை நிரப்புகிறது. ஆனால் ஏற்றும் அளவை முதலில் 60 அம்பியரில் வைத்திருந்தார்கள். 54 வோல்ற்றில் அது 3.2 கிலோவாற், மாற்றத்தில் இழப்பதையும் சேர்த்தால் 3.5. வீட்டுப் பாரத்தோடு 5.3 கிலோவாற். எஞ்சின் அதையும் தாங்கியது; ஆனால் ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி தொடங்கும் கணத்தில் வழமையின் பல மடங்கு அம்பியரை இழுக்க, ஹேர்ட்ஸ் 46 இற்குக் கீழே போய், இன்வேட்டர் ஜெனரேட்டரைக் கைவிட்டுவிடும். பாரம் விலகியதும் எஞ்சின் 52 இற்கு மேல் பாய, அந்த உச்சம் எல்லைக்கு வெளியே என்று இன்வேட்டர் மறுபடி சேர மறுக்கும். ரிலே "டக், டக்" என்று அடிப்பதைக் கேட்ட நிலாவெளியின் பழைய எஞ்சின் மெக்கானிக் ஒருவர், "தம்பி, எஞ்சின் நல்ல எஞ்சின், நீங்கள்தான் அதுக்கு மூச்சு விட இடம் குடுக்கேல்லை" என்றார்.

அவர் கவர்னரைத் திருகி, பாரமில்லாதபோது 51.5 ஹேர்ட்ஸ் வரும்படி வைத்தார். முழுப் பாரத்தில் அது 50 இற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நான் ஏற்றும் அளவை 40 அம்பியராகக் குறைத்தேன். இப்போது பற்றரிக்கு 2.3 கிலோவாற், வீட்டுக்கு 1.8, மொத்தம் 4.1, அதாவது எஞ்சினின் வலுவில் 70 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. பற்றரி 25 வீதத்துக்கு இறங்கும்போது தொடங்கி 80 வீதத்தில் நிறுத்துகிறேன். இரண்டே முக்கால் மணிநேரம் பிடிக்கிறது, மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் டீசல். ஜெனரேட்டரின் எல்லையைத் தாண்டும் பாரத்தைப் பற்றரியிலிருந்து ஈடுசெய்யும் `Gen peak shaving` அமைப்பையும் போட்டிருக்கிறேன். கொதிகேத்தலுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் அது உதவுகிறது. மோட்டார் உதைக்கும் அரைச் செக்கனை அது பிடிக்காது. அதனால் ஜெனரேட்டர் ஓடும்போது பம்பியைத் தொடுவதில்லை என்பது விடுதியில் சட்டம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத குறை. ஜெனரேட்டரின் நியூட்ரல் ஏர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தது. மீற்றரை வைத்தபோது லைவுக்கும் ஏர்த்துக்கும் 115 வோல்ற் அளவிலும், நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் அதே அளவிலும் காட்டியது. நியூட்ரல் சரியாகச் சேர்ந்திருந்தால் இரண்டாவது அளவு பூச்சியத்தை அண்டியிருக்க வேண்டும். இந்த நிலையில் ஒரு கேத்தலின் உடலில் மின் கசிந்தால், கசிவு திரும்பிச் செல்லப் பாதை இல்லாததால் ட்ரிப் சுவிச் விழாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் விழும். ஏனெனில் அந்தப் பொத்தான் லைவையும் நியூட்ரலையுமே பயன்படுத்துகிறது, ஏர்த்தை அன்று. பொத்தானை நம்பி ஓராண்டு ஓட்டியிருக்கிறேன்.

ஜெனரேட்டரின் முனையிலேயே நியூட்ரலை ஏர்த் கம்பியோடு இணைத்தோம். இன்வேட்டர் பற்றரியில் ஓடும்போது மட்டும் இதே இணைப்பை ஏற்படுத்தும் ரிலே அதனுள் இருக்கிறது. ஜெனரேட்டர் சேர்ந்ததும் அது திறந்துவிடும். லைனும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்றாகச் சேராதபடி, லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இருமுனைப் பிரேக்கர்கள் இரண்டை இடைப்பூட்டுடன் வைத்தோம். ஒன்று மேலே இருந்தால் மற்றது ஏறாது. தெருக் கம்பத்தில் வேலை செய்பவருக்கும் என் ஜெனரேட்டருக்கும் நடுவே இருப்பது இந்த இரும்புத் துண்டுதான்.

ஜெனரேட்டரைத் தானாகவே தொடக்கும் வசதி இன்வேட்டரில் உண்டு. ஆனால் அது ஒரு தொடுகையை மூடுவதோடு சரி, ஸ்ராட்டரை அடிப்பதும் எஞ்சின் பிடித்ததா என்று பார்ப்பதும் வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. உப்புக் காற்றில் ஸ்ராட்டர் பற்றரியின் முனைகளில் பச்சை பூத்துவிடுவதால், அந்தப் பெட்டிக்கு இன்னும் காசு செலவிடவில்லை. மாரியில் இரவு இரண்டு மணிக்கு ரோர்ச் லைற்றுடன் நானே போகிறேன்.