வருடம் 60,000 கி.மீ. ஓடும் விற்பனைப் பிரதிநிதிக்கு: டிசையர் சிஎன்ஜியா, ஆல்ட்ரோஸ் டீசலா?

மதுரையிலிருந்து தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் என்று வாரம் முழுக்கச் சுற்றுபவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எரிபொருள். டீசலும் சிஎன்ஜியும் ஏறக்குறைய ஒரே விலை என்று கொண்டு, லிட்டருக்கும் கிலோவுக்கும் 92 ரூபாய் போட்டுப் பார்த்தேன். நடைமுறையில் டீசல் 20 கி.மீ. கொடுத்தால் வருடத்துக்கு 2.76 லட்சம். சிஎன்ஜி 26 கொடுத்தால் 2.12 லட்சம். மிச்சம் 64,000.

ஆனால் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும்; சாம்பிள் பெட்டிகள் பின் சீட்டுக்குத்தான் போகும். ஒருமுறை நிரப்பினால் ஏறக்குறைய 200 கி.மீ., அப்புறம் பங்க்கில் வரிசை. வழியில் பங்க் இல்லாவிட்டால் பெட்ரோலில் ஓட்ட வேண்டும், மிச்சம் கரையும்.

டீசலின் தொல்லை புகைபோக்கியில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓட்டினால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்து சுத்தமாகிவிடும். தினமும் நெடுஞ்சாலை ஏறுபவருக்கு இது பெரிய கவலையில்லை.

வாரண்டியை நம்பி எதையும் வாங்காதீர்கள். இரண்டிலும் மூன்று வருடம் என்பார்கள். 1 லட்சம் கி.மீ. வரம்பு இருபது மாதத்திலேயே முடிந்துவிடும். அதன்பின் பக்கத்து ஊரில் சர்வீஸும் உதிரிபாகமும் கிடைப்பதுதான் முக்கியம். அதில் மாருதி முன்னால் நிற்கிறது.

ரூட்டில் சிஎன்ஜி பங்க் இருந்தால் என் ஓட்டு டிசையருக்கு. சரக்கு அதிகம் என்றால் மட்டும் டீசல்.