சூடத்தின் கை எந்தப் பக்கம்? நீளக் குழாயா, கெட்டிக் கரைசலா?

நெல்லை டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு கடையில் எம்.எஸ்ஸி. மாணவன் ஒருவன் சூடம் வாங்கி வந்தான். "அண்ணாச்சி, இது மரத்துச் சூடமா?" என்று கேட்டதற்கு, "அசல் மரத்துச் சூடம்தான், தைரியமா கொண்டு போங்க" என்றாராம். விலையும் சாதாரணச் சூடத்தைப் போல் பல மடங்கு. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது ஒளியின் தளம் திரும்பும் கோணத்தை அளக்கும் ஒரு பழைய போலாரிமீட்டர், சோடியம் விளக்கு, ஒரு டெசிமீட்டர் குழாய் ஒன்று, இரண்டு டெசிமீட்டர் குழாய் ஒன்று. அவ்வளவுதான். அதை வைத்து அண்ணாச்சியின் பேச்சைச் சோதிக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும். கற்பூர மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு, அவைதான் எனான்ஷியோமர்கள். கற்பூர மரத்திலிருந்து வரும் கற்பூரம் பெரும்பாலும் வலக்கை எனான்ஷியோமர். ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்வது பெரும்பாலும் ரசிமிக். இரு கையும் சரிபாதியாக இருப்பதால் ஒளி திரும்பாது. அமெரிக்க மருந்துத் தர நூலே இயற்கைக் கற்பூரத்துக்கு +41 முதல் +43 வரை என்றும், செயற்கையானது ஒளியைத் திருப்பாது என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆகவே திரும்பும் அளவைப் பார்த்தால் ஒரு கை மற்றதைவிட எவ்வளவு அதிகம், அதாவது எனான்ஷியோமர் மிகுதி எவ்வளவு என்று கணக்கிடலாம்.

கணக்கு இரண்டு வரிதான்.

```
[α] = 100 × α / (l × c)
ee% = 100 × [α] / [α]max
```

α என்பது கருவியில் பார்த்த கோணம். l குழாயின் நீளம், டெசிமீட்டரில். c என்பது 100 மில்லி கரைசலில் உள்ள கிராம். [α] தற்சுழற்சி. [α]max ஒரே கை மட்டும் உள்ள தூய பொருளின் தற்சுழற்சி. ee% மேலே சொன்ன மிகுதி. எத்தனாலில் 10 கிராம் செறிவில் கற்பூரத்துக்குச் சுமார் +44 என்று வேதிப்பொருள் பட்டியல்கள் தருகின்றன. குழாயில் "200 mm" என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு l-க்கு 20 போடுகிற பையன் வருஷத்துக்கு ஒருவனாவது உண்டு. விடை பத்தில் ஒரு பங்காக வரும். நல்ல கற்பூரம்கூட வெறும் 10 சதவீதம் என்று தெரியும்.

சூத்திரத்தைப் பார்த்தால் l-உம் c-உம் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. கோணம் பெரிதாக வேண்டும் என்றால் நீளக் குழாய் எடுக்கலாம், இல்லை கரைசலைக் கெட்டியாக்கலாம், இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மாணவனும் அதைத்தான் கேட்டான்: "சார், ரெண்டு டெசிமீட்டர் குழாயைக் கழுவி நிரப்புறதே பெரும்பாடு. சின்னக் குழாயில கூடுதலாக் கரைச்சுப் பார்த்தா என்ன?" சரி, எல்லாவற்றையும் செய்தே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் சோம்பேறி வழி. கால் கிராம் சூடத்தை 25 மில்லியில் கரைத்துச் சின்னக் குழாயில் ஊற்றினோம். வெறும் எத்தனாலின் கோணத்தைக் கழித்த பிறகு கிடைத்தது +0.30 பாகை. தற்சுழற்சி 30, மிகுதி 68 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கருவியின் வெர்னியர் 0.05 பாகை வரைதான் படிக்கும். உண்மைக் கோணம் 0.25 ஆகவும் இருக்கலாம், 0.35 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் மிகுதி 57-லிருந்து 80 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இந்த எண்ணை வைத்து அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போக முடியாது.

அடுத்து நீளக் குழாய். 2.500 கிராம், 25 மில்லி குடுவையில் கோடு வரை எத்தனால், செறிவு 10. (25 மில்லி எத்தனாலை அளந்து அதில் சூடத்தைப் போடுவது வேறு கணக்கு. சூடமும் இடம் பிடிக்கும், மொத்தம் 27 மில்லியைத் தாண்டிவிடும்.) வெறும் எத்தனால் +0.10 காட்டியது, கரைசல் +6.25. வித்தியாசம் 6.15. இரண்டால் வகுத்து, பத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் 30.75. அதை 44-ஆல் வகுத்தால் 70 சதவீதம். இங்கேயும் அதே 0.05 பாகைப் பிசகுதான், ஆனால் மிகுதியில் அது 0.6 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது, மாணவன் கேட்ட வழி: சின்னக் குழாய், ஆனால் 25 மில்லியில் 5 கிராம். சூத்திரப்படி மறுபடியும் 6.15 வர வேண்டும். வந்தது 6.30. மூன்று முறை படித்தோம், மாறவில்லை. தற்சுழற்சி 31.5 ஆகிவிட்டது, மிகுதி கிட்டத்தட்ட 72.

இது கைப்பிழை இல்லை. கற்பூரத்தின் தற்சுழற்சியே எத்தனாலில் செறிவோடு சேர்ந்து ஏறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாண்டோல்ட் என்ற ஜெர்மன் வேதியியலர் அளந்து சமன்பாடாகவே எழுதி வைத்த விஷயம். செறிவு 10-லிருந்து 20-க்குப் போனால் தூய கற்பூரத்துக்குச் சுமார் ஒரு பாகை கூடும். தற்சுழற்சி என்ற பெயரைக் கேட்டால் பொருளோடு பிறந்த மாறாத எண் போல இருக்கிறது. உண்மையில் கரைப்பான், செறிவு, வெப்பநிலை, ஒளியின் நிறம் எல்லாம் சேர்ந்த எண் அது. குழாயின் நீளத்துக்கு மட்டும் அந்தச் சிக்கல் கிடையாது. நீளம் இரட்டித்தால் கோணம் இரட்டிக்கும், மூலக்கூறுகளுக்குள் எதுவும் மாறாது. அதனால் கோணத்தைப் பெரிதாக்க நான் எப்போதும் குழாயைத்தான் நீட்டுவேன். செறிவை நூலில் உள்ள செறிவிலேயே நிறுத்திவிடுவேன்.

நீளக் குழாய்க்கும் அதன் தொல்லை உண்டு. இரு மடங்கு கரைசல் கேட்கும். ஒரு குமிழி நடுவில் நின்றால் பார்வை மங்கும். முனைக் கண்ணாடியைப் பயந்து இறுக்கி மூடினால் கண்ணாடியே ஒளியைத் திருப்பத் தொடங்கும். குழாயைத் தொட்டியிலேயே கொஞ்சம் உருட்டிப் பாருங்கள், கோணம் மாறினால் மூடி அதிக இறுக்கம். சின்னக் குழாயையும் தூக்கி எறிய வேண்டாம். அதே 10 செறிவுக் கரைசலை அதில் ஊற்றினோம்; ஏறத்தாழ பாதி, +3.10 வந்தது. 6.15 என்று படித்தது உண்மையில் இடப்பக்கம் 173.85 இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இடப்பக்கமாக இருந்திருந்தால் சின்னக் குழாய் 93-க்கு அருகில் காட்டியிருக்கும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு நாள் வீணானது. முதல் நாள் எங்களுக்கு வந்தது 64 சதவீதம். எடை, குடுவை, குழாய் எல்லாம் சரி. பிறகுதான் மாணவன் சூடத்தை எப்படிப் பொடித்தான் என்று கேட்டேன். சூடம் உலக்கைக்கு மசியாது, ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சாராயம் விட்டால் பொடியாகும் என்பது பழைய மருந்துக் கடைப் பக்குவம். அவன் அதைச் செய்துவிட்டு எடை போட்டிருக்கிறான். 2.5 கிராமில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக எத்தனாலையே சூடம் என்று நிறுத்திவிட்டான். எடை எப்படிப் பொய் சொன்னாலும் அது செறிவுக்குள் போய், அங்கிருந்து நேராக மிகுதிக்குள் போய்விடும். மறுநாள் கத்தியால் சீவி, மூடியுள்ள எடைப் புட்டியில் நிறுத்தோம். எங்கள் ஊர் மே மாத வெயிலில் திறந்த தாளில் சூடத்தை வைத்தால் தராசின் கடைசி இலக்கம் கண்ணெதிரே இறங்கும்.

அப்புறம் அந்த 44. நூல் எண் வேறு வெப்பநிலையில், வேறு கருவியில் யாரோ அளந்தது. அதைவிட நல்ல போட்டியாளர் ஒன்று எங்கள் அலமாரியிலேயே இருந்தது: வேதிப்பொருள் கடையில் வாங்கிய வலக்கைக் கற்பூரப் புட்டி. அதையும் அதே 2.500 கிராம், அதே குடுவை, அதே குழாய், அதே மணி நேரத்தில் பார்த்தோம். எத்தனாலைக் கழித்து 8.55. இப்போது தற்சுழற்சியே தேவையில்லை, 6.15-ஐ 8.55-ஆல் வகுத்தால் 72 சதவீதம். அறை வெப்பம், குழாய் நீளத்தின் குறை எல்லாம் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகின்றன. புட்டியின் தூய்மையை நம்ப வேண்டும் என்பது ஒன்றுதான் இதன் விலை. நூல் எண்ணா, புட்டியா என்றால் எனக்குப் புட்டிதான்.

72 சதவீதம் என்றால் 86 பங்கு வலக்கை, 14 பங்கு இடக்கை. கடைக்காரர் மொழியில் சொன்னால், 72 பங்கு மரத்துச் சூடத்தில் 28 பங்கு ஆலைச் சூடம்.

ஆனால் இங்கேதான் போலாரிமீட்டர் கையை விரிக்கிறது. அந்த 28 பங்கு ஆலைச் சூடமாக இல்லாமல் மெழுகாகவோ நாப்தலீனாகவோ இருந்தாலும் இதே 6.15 தான் வரும். ஒளியைத் திருப்பாத எதுவும் அதற்கு ஒன்றே. மெழுகைக் கண்டுபிடிப்பது எளிது: கண்ணாடித் தட்டில் வைத்துக் கொதிநீர்த் தொட்டி மேல் வைத்தோம், சூடம் முழுக்கப் பறந்து தட்டு சுத்தமாக இருந்தது. நாப்தலீனுக்கு உருகுநிலை. கற்பூரத்தில் அந்நியப் பொருள் கொஞ்சம் கலந்தாலும் உருகுநிலை விழுந்தடித்து இறங்கும். மூலக்கூறு எடை காண ராஸ்ட் முறையில் கற்பூரத்தைப் பயன்படுத்தியதே அதனால்தான். முனை அடைத்த நுண்குழாயில் எங்கள் சூடம் 177-இல் உருகியது. இடக்கைக் கற்பூரம் கலந்தால் உருகுநிலை அதிகம் அசையாது, ஆகவே இது பொருந்துகிறது. கற்பூரத்துக்கு நெருங்கிய உறவான வலக்கைப் போர்னியோல் மட்டும் இன்னும் தந்திரமான ஆள்: அதன் தற்சுழற்சியே சுமார் +37. முழுக்கப் போர்னியோலைக் கொண்டு வந்தாலும் போலாரிமீட்டர் அதை 84 சதவீதக் கற்பூரம் என்று வாழ்த்தி அனுப்பும். அது உருகுவது 208-இல் என்பதால் நாங்கள் பிழைத்தோம்.

கடைசிப் போட்டியாளர், சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய நிரலோடு கேஸ் குரோமட்டோகிராபி. இரு கைகளும் தனித்தனி முகடாக வரும், போர்னியோலும் நாப்தலீனும் வேறு இடத்தில் நிற்கும், எடையே போட வேண்டாம். எங்களிடம் அது இல்லை. வெளியூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் ஒரு சிட்டிகை அனுப்பினோம். 85.5-க்கு 14.5 என்று வந்தது, மிகுதி 71. மிகுதி 95-க்கு மேலே இருக்கும் மாதிரிக்கு, 97-ஆ 99-ஆ என்று தெரிய வேண்டுமானால், நான் யோசிக்காமல் அதற்குத்தான் அனுப்புவேன். அங்கே எங்கள் வெர்னியரும் எடையும் சேர்ந்து ஒன்றிரண்டு சதவீதத்தைத் தின்றுவிடும். அண்ணாச்சியின் சூடத்துக்கு இரண்டு டெசிமீட்டர் குழாயும், பக்கத்தில் ஒரு நல்ல புட்டியும் தாராளம்.