பழைய தேதியில் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

என் தங்கை மகள் 2015இல் ஊரில் பாட்டி வீட்டிலேயே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டுப் பிரசவம் என்பதால் வீட்டுக்காரர்கள்தான் 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. இப்போது பாஸ்போர்ட்டுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் சான்றிதழைக் கொண்டுவந்தார். முத்திரை, க்யூஆர் கோடு எல்லாம் இருந்தது. நான் வாங்கிப் பார்த்தபோது பதிவு செய்த தேதியும் 2015 என்றே இருந்தது. எட்டிக்கூடப் பார்க்காத ஆபீஸில் அன்றைக்கே எப்படிப் பதிவாகியிருக்கும்? கேட்டால், "பழைய தேதியில போட்டாதான் சார் கேள்வி வராது" என்கிறார். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசுத் தளம் போலவே ஒரு பக்கம் திறந்தது, ஆனால் முகவரி வேறு. தமிழ்நாட்டுச் சான்றிதழ் என்றால் crstn.org தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது அப்படி ஒரு பதிவே இல்லை. பணத்தைக் கேட்டுப் போனபோது ஆள் போனை எடுக்கவில்லை.

ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதிய ஒரே வழி கோட்டாட்சியர் உத்தரவுதான். முதலில், குழந்தை பிறந்த ஊர்ப் பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்க வேண்டும். குடியிருக்கும் ஊரில் கேட்டால் நடக்காது. அதோடு நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரங்களும் சேர்த்து கோட்டாட்சியர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். அவர்கள் வி.ஏ.ஓ., தாசில்தார் மூலம் விசாரிப்பார்கள். உத்தரவு வந்தபின் அதே பதிவாளர் பதிவார். பதிவு தேதி அன்றைய தேதியாகத்தான் இருக்கும். அதில் ஒரு குறையும் இல்லை, தாமதப் பதிவு அப்படித்தான் இருக்கும்.

ஆதாரங்களில் அதிக மதிப்பு எதற்கு என்றால், பிறந்த சமயத்தில் எழுதப்பட்ட தாளுக்குத்தான். எங்களுக்குக் கைகொடுத்தது கிராம நர்ஸ் கொடுத்த தடுப்பூசி அட்டை. மூலை கிழிந்திருந்தாலும் முதல் ஊசியின் தேதி தெளிவாகத் தெரிந்தது. ஆதாரைப் பெரிதாக நம்பாதீர்கள், அது பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை என்று ஆதார் ஆணையமே சொல்லிவிட்டது. பள்ளிச் சான்றிலும் அட்டையிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று மனு போடும் முன்பே பார்த்துவிடுங்கள். எங்கள் பாப்பாவுக்குப் பள்ளியில் ஜூன் 1 என்று போட்டிருந்தார்கள், சேர்க்கும்போது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னது. அட்டைப்படி ஜூன் 19. அந்த வித்தியாசத்துக்கு விசாரணையில் தனியாக விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் போலிச் சான்றிதழை மட்டும் எந்த மனுவோடும் இணைக்கவில்லை. போலீஸில் கொடுத்த புகாரோடுதான் அது போயிருக்கிறது.