பெயர் எப்படித் தன் ஆளைப் பிடிக்கிறது? விவரணைக் கொள்கையா, கிரிப்கேயா?

ஃபிரெகே, ரஸ்ஸல் ஆகிய தத்துவவாதிகள் வழிவந்த விவரணைக் கொள்கைப்படி, பெயர் என்பது ஒரு விவரணைக்குப் பதிலாக நிற்பது. அந்த விவரணை யாருக்குப் பொருந்துகிறதோ அவரே பெயருக்கு உரியவர். தத்துவவாதி சால் கிரிப்கே 1970இல் பிரின்ஸ்டனில் நிகழ்த்திய உரைகளில் இதை மறுத்தார். பெயர் எதையும் விவரிப்பதில்லை, நேராகச் சுட்டுகிறது என்பது அவர் கட்சி. இரண்டையும் படித்தபின் நான் கிரிப்கே பக்கம்தான்.

நிலைமை எப்படி மாறியிருந்தாலும் பெயர் அதே ஒன்றையே சுட்டும் என்ற அவருடைய 'மாறாச் சுட்டி' கருத்து எளிதாகப் புரியும். கே2 சிகரம் எவரெஸ்டைவிட உயரமாக இருந்திருந்தால், 'உலகின் மிக உயரமான சிகரம்' என்ற தொடர் கே2வுக்குப் போயிருக்கும். 'எவரெஸ்ட்' என்று நாம் சொல்வது அப்போதும் இதே மலையைத்தான். ஆனால் இந்த வாதம் மட்டும் போதாது. 'இப்போது நிஜமாகவே மிக உயரமான சிகரம்' என்று விவரணையை நிஜ உலகோடு கட்டிவிட்டால் அதுவும் மாறாமல் சுட்டும். மாறாமல் சுட்டுவது வேறு, விவரிக்காமல் சுட்டுவது வேறு.

என்னை மாற்றியது, நாம் தவறாக அறிந்திருக்கும் பெயர்கள். பிதாகரஸ் பற்றிப் பலருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: செங்கோண முக்கோணத் தேற்றத்தைக் கண்டுபிடித்தவர். ஆனால் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே அந்த உறவு பயன்பட்டிருக்கிறது. விவரணைதான் ஆளைத் தீர்மானிக்கிறது என்றால், இவர்கள் 'பிதாகரஸ்' என்னும்போதெல்லாம் பெயர் தெரியாத ஒரு பாபிலோனியரைக் குறிக்கிறார்கள் என்றாகும். 'பிதாகரஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை' என்ற வாக்கியம் அவர்கள் வாயில் முரண்பாடாகிவிடும். நடப்பது அதுவல்ல. அதைக் கேட்டவர், 'அப்படியா, அவர் இல்லையா?' என்கிறார். அந்த 'அவர்' பழைய கிரேக்கர்தான்.

சரி, 'கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுபவர்' என்று விவரணையைத் திருத்தலாமே? யாரைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள்? பிதாகரஸைப் பற்றி. அவர்கள் பேச்சில் அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். விவரணை அதைத்தான் முடிவுசெய்ய வந்தது. இது வட்டம். கிரிப்கேயின் பதிலில் இந்தச் சிக்கல் இல்லை: ஒருவருக்குப் பெயர் வைக்கிறார்கள், கேட்டவர் அதே ஆளைக் குறிக்கும் எண்ணத்தோடு அடுத்தவருக்குக் கடத்துகிறார். அந்தச் சங்கிலியின் முனையில் இருப்பவரே பிதாகரஸ், நாம் அறிந்த கதை பொய்யானாலும்.

ஆனால் சங்கிலியின் முனையில் எதுவுமே இல்லாவிட்டால்? புதனின் பாதையில் தெரிந்த விலகலுக்குக் காரணம் தேடி, 1859இல் வானியலாளர் லெவெரியே புதனுக்கும் உள்ளே சூரியனைச் சுற்றும் பொருள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்தக் கோள் இல்லாமலே விலகலை விளக்கியது. 'வல்கன் இல்லை' என்பது உண்மையான, பொருளுள்ள வாக்கியம். விவரணைக்காரருக்கு இது சுலபம்: அந்த விவரணைக்குப் பொருந்துவது எதுவும் இல்லை என்று அர்த்தம். பெயருக்குச் சுட்டுவது மட்டுமே வேலை என்பவர் இங்கே திணறுகிறார். இதற்கு என் பக்கத்தில் வந்த பதில்கள் எதுவும் எனக்கு இன்னும் திருப்தி தரவில்லை.